சனிக்கிழமைத் துட்டு

முக்கூடல்
ஐப்பசி, 2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கூரை வேலைக்கு யாரிடம் கடன் வாங்கினோம் என்று கேட்டிருந்தாய். யாரிடமும் வாங்கவில்லை; ஆச்சி பீடி சுற்றிச் சேர்த்த பணம்தான் அது.

2020 ஆனியில் ஓட்டு வரிசை நடுவில் லேசாகத் தொய்ந்து, காலையில் பாயின் மேல் மரத்தூள் உதிர்ந்து கிடக்கவே, ஆசாரியை அழைத்துக் காட்டினோம். அவர் உளியால் தட்டிப் பார்த்துவிட்டு, வரிச்சுகளில் செல் ஏறிவிட்டது என்றும், ஐந்து வருடம் தாங்கும் என்றும், இன்றைய விலைக்கு முப்பதாயிரம் ஆகும் என்றும் சொன்னார். ஆச்சி அந்த முப்பதாயிரத்தை அறுபது மாதத்திற்குப் பங்கிட்டு, ஜூலையில் அஞ்சலகத்தில் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஆர்.டி. தொடங்கினாள். விலையேற்றத்தை வட்டி பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அப்போதைய வட்டி 5.8 சதவீதம், தொடங்கும் நாளின் வட்டியே கடைசிவரை நிற்கும்.

கூலி வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நூற்றிருபத்தைந்து ரூபாயைத் தகர டப்பாவில் போடுவாள். நான்கு வாரத்தில் ஐந்நூறு சேரும்; ஐந்து சனி வரும் மாதத்தின் மிச்சத்தை அவள் டப்பாவிலேயே விட்டுவைத்ததை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. கண் புரை அறுவைக்காக இரண்டு வாரம் பீடி சுற்றாதபோது அந்த மிச்சம்தான் கைகொடுத்தது. ஒரு மாதம் பிந்தியதற்கு அபராதம் ஐந்து ரூபாய்தான் என்றாலும், அதை அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

2023 டிசம்பர் பெருமழையில் வீடெங்கும் ஒழுகியபோது, மூன்று வருடம் கடந்துவிட்டதால் கணக்கை முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அப்போது கட்டியிருந்தது இருபத்தோராயிரம். இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கின் நான்கு சதவீத வட்டிதான் கிடைக்கும் என்பதை அஞ்சலகத்தில் கேட்டுவந்த ஆச்சி, "பாதித் துட்டுக்குப் பாதி வீட்டுக்குத்தாம்ல ஓடு போட முடியும்" என்று சொல்லி, தார்ப்பாய் வாங்கிக் கட்டச் சொன்னாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த ஜூலையில் 34,848 ரூபாய் கைக்கு வந்தது. ஆவணியில் வரிச்சு முழுவதையும் மாற்றி, உடைந்த ஓடுகளுக்குப் புதியவை வைத்து முடித்தபோது செலவு 37,000 ஆயிற்று. வட்டி விலையேற்றத்தை எட்டவில்லை. நான் கைமாற்று கேட்கக் கிளம்பினேன். ஆச்சி டப்பாவைக் கவிழ்த்தாள். ஐந்தாம் சனிக்கிழமைகளின் மிச்சம், கண் அறுவைக்கு எடுத்தது போக, 2,370 ரூபாய் இருந்தது.

சுவரும் ஓடும் சேரும் மேற்கு மூலையில் மட்டும் இன்னும் கசிகிறது. அந்தச் சிமெண்டுப் பூச்சை ஆசாரியும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்காகப் போன சனிக்கிழமையிலிருந்து டப்பாவில் ஐம்பது ரூபாய் விழுகிறது.

அன்புடன்,
அப்பா