மைக் பிடித்த கையால் விட்டுப்போன நன்றி

மாட்டுங்கா, சயான், தாராவி உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் நூலகத்தின் தரைத்தளத்தில் பார்வையற்றவர்களுக்கான படிப்பறையைத் திறந்தபோது என்னை நான்கு நிமிடம் பேசச் சொன்னார்கள். மூன்று தாளில் பிரெய்லில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் தாளில் அறையைப் பற்றி, இரண்டாவது தாள் முழுக்க நன்றி, மூன்றாவதில் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. மேடை ஏறியதும் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாண்ட் கிடையாது. பிரெய்ல் படிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். வலது கை ஒரு வரியை முடிக்கும்போது இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு கை மைக்குக்குப் போய்விட்டால் ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. ஒருவருக்கும் நன்றி சொல்லாமல் பேசி முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த இரண்டாவது தாளைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். யார் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் தாராவி தச்சர் அண்ணன். எல்லா நூலகத்துக்கும் செய்வது போலத்தான் அவரும் அலமாரிக்கு அளவு எடுத்தார். "இடம் பத்தலைன்னா படுக்கப் போட்டு அடுக்கிக்குங்களேன் சார்" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து ஒரு பக்கத்தின் மேல் வைத்தேன். ஒரு பிரெய்ல் புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பத்துப் புத்தகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அடியில் இருப்பதில் புள்ளி நசுங்கும். நசுங்கிய புள்ளி எங்களுக்கு அழிந்த எழுத்து. அதிலும் மும்பை மழையில் காகிதம் ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகிவிடும், புள்ளி இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் வந்து, தட்டுகளை ஆழமாக்கி, ஒவ்வொரு தட்டிலும் சாண் அளவுக்கு ஒரு தடுப்பு வைத்துக் கொடுத்தார். புத்தகம் நெட்டுக்குத்தாக நிற்கும். பக்கத்துப் புத்தகத்தின் மேல் சாயவும் இடமில்லை, நெருக்கித் திணிக்கவும் முடியாது. ஜூலையில் வெளிச்சுவர் வியர்க்கும் என்று அவரே சொல்லி, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியும் நிறுத்தினார். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அடுத்து, மெய்ப்புப் பார்த்த ஆசிரியை அக்கா. இவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றை முதல் புத்தகமாக அடிப்பதென்று முடிவு செய்தோம். அச்சுக்குப் போன கணினிக் கோப்பே கிடைத்துவிட்டது. அதை பிரெய்லாக மாற்றும் மென்பொருளில் போட்டு, காகிதத்தில் புள்ளி குத்தும் எம்பாசருக்கு அனுப்பினால் புத்தகம் தயார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாதிரிக்கு அடித்த பத்துப் பக்கத்தில் விரல் வைத்தேன். "நரகம் படமெடுத்து ஆடியது" என்று வந்தது. அக்காவிடம் கேட்டால், திரையில் "நாகம்" என்றுதான் இருக்கிறது என்கிறார். இருவரும் நன்றாகவே சண்டை போட்டோம். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கோப்பைத் தட்டச்சு செய்தவர் பல இடங்களில் கால் போட வேண்டிய இடத்தில் 'ர' போட்டிருக்கிறார். பல எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கண் பழக்கத்தில் சரியாகவே படித்துவிடும். பிரெய்லிலோ நெடிலுக்குத் தனிக் காலெல்லாம் கிடையாது. மெய்க்குப் பின்னால் 'ஆ' என்ற உயிரையே எழுதுவோம். பிரெய்லில் ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிக்கு இடம் உண்டு, அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண். 'ஆ'வுக்கு 3, 4, 5 ஆகிய புள்ளிகள். 'ர'வுக்கு 1, 2, 3, 5. விரலுக்கு இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் உதவவில்லை. நரகம் என்பது நல்ல தமிழ்ச் சொல்தானே! ஒரு கதையில் குழந்தை "பரல்" குடித்துக்கொண்டிருந்தது. பால் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பக்கம் பிடித்தது.

ஔவையார் இன்னும் கஷ்டம் கொடுத்தார். 'ஔ' ஒரே எழுத்து, பிரெய்லிலும் ஒரே கட்டம், 2, 4, 6. கோப்பிலோ 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தார்கள். மூன்று கட்டத்தில் முடிய வேண்டிய ஔவை, நான்கு கட்டத்தில் "ஒ-ள-வை" ஆகிவிட்டாள். சரி, கணினியில் 'ஒள' என்று தேடி மொத்தமாக மாற்றிவிடலாமே என்று உதவிக்கு வந்த தம்பி ஒருவர் சொன்னார். அக்கா கையைத் தடுத்தார். அப்படிச் செய்தால் ஒளி, ஒளிந்தான் எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொரு இடமாக நின்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அதன்பிறகு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். கணினியில் திரைபடிப்பான் ஒரு பத்தியை வாசிக்கும், அக்கா அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். கண்ணால் ஒப்பிட்டால் தப்புகிற பிழை காதில் மாட்டும். அதற்குப் பிறகும் தப்புவதை நான் விரலால் பிடிப்பேன். அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கம் ஆகும் என்பதால் அந்தத் தொகுப்பு நான்கு கட்டாக வந்தது. நல்லவேளையாகச் சுருள் கம்பியில் கட்டியிருந்தோம். பிழை உள்ள தாளை மட்டும் கழற்றி வேறு அடித்துச் செருக முடிந்தது. இருபுறமும் புள்ளி குத்திய தாள் என்பதால் ஒரு பிழைக்கு இரண்டு பக்கம் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மாதம், சனிக்கிழமை தவறாமல், சுனாபட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தார் அக்கா. மழையில் ரயில் நின்றுபோன சனிக்கிழமை கூட வந்திருந்தார். நான்தான் வரவில்லை.

இப்போது ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்களுக்கு உதவி செய்ததாக அவளுக்கே தெரியாது. தாராவியில் பிறந்தவள், பிறவியிலேயே பார்வை இல்லை, படித்ததெல்லாம் மராத்தியில். வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவாள், ஆனால் தமிழ் எழுதப் படிக்க யாரும் சொல்லித் தந்ததில்லை. திறப்புக்கு இரண்டு வாரம் முன்னால் அம்மாவுடன் வந்தாள். சும்மா தொட்டுப் பாரேன் என்று முதல் கட்டை அவள் முன்னால் வைத்தேன். விரல் ஓடியது. "அம்மா" என்று படித்தாள். நிமிர்ந்து, "அங்கிள், இது எனக்குத் தெரியுதே!" என்றாள்.

தெரியத்தான் செய்யும். நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் வகுத்த பாரதி பிரெய்லில் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிகள். மராத்தி 'க'வும் தமிழ் 'க'வும் 1, 3 தான். 'ம', 'ல', 'வ' எல்லாம் அப்படியே. மராத்தியில் இருப்பதால் 'ள' கூட அவளுக்குப் பழக்கம். அவள் தடுக்கியது குறில் எ, குறில் ஒ, ழ, ற, ன என்ற ஐந்தில் மட்டும். "தம்பி"யை முதலில் அழுத்தமான 'ப' போட்டுப் படித்தாள். மராத்தியில் 'ப'வும் 'ப³'வும் தனித்தனி எழுத்து, தமிழில் ஒன்றேதான். வீட்டுத் தமிழ் காதில் இருந்ததால் தானே திருத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்: "தமிழ்ல எதுக்கு இத்தனை நாலாம் புள்ளி?" மெய்யெழுத்துக்கு முன்னால் நான்காம் புள்ளி போடுவதுதான் எங்கள் 'புள்ளி'. மராத்தியில் சொல்லின் கடைசியில் அதைப் போடாமல் விடுவார்கள், நாம் விடுவதில்லை. நான் பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் பிரெய்ல் ஸ்லேட்டில் அந்த ஒற்றைப் புள்ளியை மறந்து வாங்கிய குட்டுகள் நினைவுக்கு வந்தன.

கண் தெரிந்த அவள் தம்பிக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. இப்போது இவள்தான் அவனுக்குக் கதை படித்துச் சொல்கிறாள். இந்த அறையில் ஒலிநூல் மட்டும் போதுமே, பிரெய்லுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று செயற்குழுவில் கேட்டவர்களுக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் தமிழைக் காதால் மட்டுமே கேட்ட அந்தப் பெண்ணுக்கு, ந வேறு ன வேறு என்பதே விரல் வைத்த அன்றுதான் தெரிந்தது. கேள்வி நியாயமானதுதான். கேட்டவர்களே பிறகு காகிதச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

ஒலிநூலுக்குக் குரல் கொடுத்த பதினோரு பேருக்கும் வருகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து மே மாதத்தில் வாசித்தீர்கள். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும், வியர்வைக்குத்தான் வழியில்லை. நடிக்காமல் வாசியுங்கள் என்று நான் நச்சரித்ததைப் பொறுத்துக்கொண்டதற்குத் தனி நன்றி. கோபமாகப் பேசும் பாத்திரத்தை நீங்கள் கத்திக் காட்டினால், ஹெட்போனில் கேட்பவருக்குக் காது வலிக்கும். அடிக்குறிப்பையும் பக்க எண்ணையும் விடாமல் படித்தீர்கள், படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொன்னீர்கள். முதலில் வந்த நாவலில் மட்டும் ஒரு குழப்பம். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்ததில், எங்கள் கருவி ஒன்றாம் அத்தியாயம் முடிந்ததும் பத்தாவதுக்குத் தாவியது. கதாநாயகி அறிமுகமாகும் முன்பே அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான். 01, 02 என்று மாற்றியதும் சரியானது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு குக்கர் விசில் இருக்கிறது. திரும்பப் பதியவா என்று அந்த அம்மா கேட்டார். நாவலைக் கேட்டவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பதிப்புரிமை பற்றிப் பயந்துகொண்டிருந்த எங்களுக்கு வழி சொன்ன வக்கீல் ஐயாவுக்கும் நன்றி. 2012-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, லாப நோக்கமின்றி ஊனமுற்றோருக்காக ஒரு நூலை இப்படி மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அது அவர்கள் கையோடு நிற்க வேண்டும். அதனால்தான் ஒலிநூல்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிக் கேட்ட நண்பர்களுக்கு இல்லை என்று சொன்னேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான்காம் கட்டில் இன்னும் ஆறு தாள் மாற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும். அந்தப் பெண் மூன்றாம் கட்டை முடித்துவிட்டு, நாகம் என்ன ஆயிற்று என்று தினமும் போன் பண்ணுகிறாள்.

அன்புடன்,
படிப்பறைப் பொறுப்பாளர்,
மும்பை