துணைநூற்பட்டியலைத் தாளில் உள்ளபடியே அடிக்க விடுங்கள்

காவிரி டெல்டா கல்லூரிகளின் ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும், கும்பகோணத்தில் ஆய்வேடுகள் தட்டச்சு செய்து தரும் ஒருவரின் வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று பல ஊர்களிலிருந்தும் பழைய கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களை போனில் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். கூடவே ஒரு வரியும் வருகிறது: "அப்படியே அடிச்சு, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிக் கொடுத்துடுங்க." இவை இரண்டு வேலைகள். தாளில் உள்ளது முதலில் புள்ளி பிசகாமல் வர வேண்டும். ஒழுங்குபடுத்துவது அதற்கு அப்புறம், தனிக் கோப்பில், கட்டுரையைப் படித்தவர் செய்ய வேண்டியது.

ஏன் என்பதை ஒரு பெயரை வைத்தே சொல்கிறேன். சோழர் வரலாறு பற்றிய பட்டியல்களில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இல்லாமல் இருக்க மாட்டார். ஒரு கட்டுரையில் இப்படி இருக்கும்:

```
Sastri, K.A.N. 1955. The Colas. 2nd ed. Madras.
```

இன்னொன்றில் இப்படி:

```
Nilakanta Sastri, K. A., The Colas, vol. 1, Madras, 1935.
```

ஆசிரியர் ஒருவர்தான். முதல் பதிவில் 'நீலகண்ட' என்பது சுருங்கி மூன்றாவது இனிஷியலாகிவிட்டது. இரண்டாவதில் முழுப் பெயராக நிற்கிறது. இரண்டாவதுதான் சரியான பெயர் என்று நினைத்து முதல் பதிவையும் அப்படியே மாற்றினால், அது அகரவரிசையில் 'எஸ்' வரிசையிலிருந்து 'என்' வரிசைக்குப் போய்விடும். கட்டுரைக்குள் 'சாஸ்திரி 1955' என்றுதான் மேற்கோள் இருக்கும். அதைத் தேடுகிறவர் 'எஸ்' வரிசையில் பார்த்துவிட்டு, பதிவே இல்லை என்று முடிவு செய்வார்.

ஆண்டு நிற்கும் இடமும் இதே போலத்தான். முதல் பதிவில் அது பெயரை ஒட்டி நிற்கக் காரணம், கட்டுரைக்குள் பெயரும் ஆண்டும் சேர்ந்துதான் மேற்கோளாக வருகின்றன. அடிக்குறிப்பு போடும் கட்டுரைகளில் ஆண்டு ஊர்ப்பெயருக்குப் பின்னால் போகும். இடத்தை மாற்றும் அவசரத்தில், ஒரே நூல்தானே என்று 1935-ஐயும் 1955-ஐயும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் உண்டு. 1935 முதல் பதிப்பின் முதல் தொகுதி. 1955 திருத்திய இரண்டாம் பதிப்பு. பக்க எண்கள் ஒத்துப்போகாது. அதன் பிறகு அந்தக் கட்டுரையின் பக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இனிஷியல்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். மருத்துவ இதழ்கள் பலவற்றில் இனிஷியலுக்குப் புள்ளியே கிடையாது. அங்கே நாமாகப் புள்ளி வைக்கக் கூடாது. தமிழ்ப் பதிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் என்று இருந்தால், ஆங்கிலப் பதிவுகளோடு ஒத்துப்போகட்டும் என்று பெயரை முன்னால் இழுத்து இனிஷியலைப் பின்னால் தள்ள வேண்டாம், 'டி.வி.' ஆக்கவும் வேண்டாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை போன்றவை கொம்பு வளைந்த பழைய வடிவில் இருக்கும். அவற்றை வழக்கம்போலவே அடிக்கலாம். யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான். ஆனால் பழைய அச்சில் காலும் ரகரமும் ஒன்று போலவே தெரியும். 'ரா.' என்ற இனிஷியலில் காலுக்குப் பதில் ரகரம் அடித்துவிட்டால் திரையில் வித்தியாசம் எளிதில் கண்ணில் படாது, தேடும்போதுதான் அகப்படாமல் போகும்.

கணினியும் சும்மா இருக்காது. வரியின் தொடக்கத்தில் '1.' அடித்தால் வேர்ட் அதைத் தானியங்கி எண்ணாக்கிவிடும். நடுவில் ஒரு பதிவு விடுபட்டாலும் எண்கள் தானாக வரிசைப்பட்டு, விடுபட்டதே தெரியாமல் போகும். அதனால் அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். அடித்து முடித்ததும் ஒருவர் படத்தைப் பார்த்து 'சாஸ்திரி, கமா, கே, புள்ளி, ஏ, புள்ளி' என்று குறிகளோடு வாசிப்பார், இன்னொருவர் திரையைப் பார்ப்பார். கமாவா புள்ளியா என்று சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கி, அதே பக்கத்தில் தெளிவாக விழுந்த ஒரு கமாவின் வாலோடு ஒப்பிடுவோம். அப்படியும் தெரியாவிட்டால் மஞ்சள் நிறமிட்டு விட்டுவிடுவோம், ஊகித்து அடிப்பதில்லை.

மூலத்திலேயே பிழை இருக்கலாம். அதையும் அப்படியே அடித்து, பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டுத் தருகிறேன். திருத்துவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

படம் எடுக்கும்போது ஒரு படத்துக்கு ஒரு பக்கம் போதும். தையல் ஓரத்தில் எழுத்து வளைந்து மறையாதபடி நூலை நன்றாக விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, முதலில் அழிவது புள்ளிகளும் கமாக்களும்தான். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். மஞ்சள் நிறமிட்ட இடங்கள் வந்ததும், நூலை நூலகத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.