மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை: சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் சர்வர் எடுத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு சொந்தமாக மெயில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மெயில் எல்லாம் ஒழுங்காக வருகிறது, அனுப்பினால் மட்டும் போய்ச் சேரவில்லையே, ஏன்?" பெரும்பாலும் கோளாறு உங்கள் கான்ஃபிக் ஃபைலில் இருக்காது. சர்வருக்கு வெளியே, எங்கள் பக்கம் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் பாக்கி இருக்கும்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு வாடிக்கையாளர் திங்கட்கிழமை பில்களை மெயிலில் அனுப்பினார். சனிக்கிழமைதான் அத்தனையும் திரும்பி வந்தன. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை அனுப்ப முடியாவிட்டால், வழக்கமான அமைப்பில் 5 நாள் வரை விடாமல் முயன்று பார்க்கும். அதற்கு முன் அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் தராது. ஆனால் `mailq` அடித்திருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்:

```
connect to gmail-smtp-in.l.google.com[...]:25: Connection timed out
```

இதைப் பார்த்ததும் அவர் ஃபயர்வாலில் போர்ட் 25-ஐத் திறந்துவிட்டார். அது உள்ளே வரும் வழி, ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அதனால்தான் மெயில் வந்துகொண்டிருந்தது. அடைபட்டிருந்தது வெளியே போகும் வழி. அதை அடைத்திருப்பது டேட்டா சென்டரின் நெட்வொர்க், எனவே உங்கள் சர்வருக்குள் எதைத் திறந்தாலும் பலன் இல்லை. சோதிக்க, சர்வரில் இருந்தே இதை ஓட்டுங்கள்:

```
nc -4 -vz -w 10 gmail-smtp-in.l.google.com 25
```

பத்து நொடி காத்திருந்து டைம்அவுட் ஆனால் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அடைப்பு எங்கள் டேட்டா சென்டரில் மட்டும் இல்லை. கூகுள் கிளவுடில் வெளி முகவரிகளுக்குப் போகும் 25 அடைத்தே இருக்கும். அமேசானிலும் ஹெட்ஸ்னரிலும் விண்ணப்பித்துத்தான் திறக்க வேண்டும். யாராவது ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் லட்சக்கணக்கில் ஸ்பேம் அனுப்பினால், அக்கம்பக்கத்து ஐபி முகவரிகளுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வந்துவிடும். அந்தப் பயம்தான் காரணம். எரிச்சலாக இருந்தாலும், எங்களைக் கேட்டால் இது நியாயமான ஏற்பாடுதான்.

சிலர் "அப்படியானால் 587-இல் அனுப்பிவிடலாமே" என்பார்கள். 587 என்பது ஒருவர் தன் கணக்கில் நுழைந்து, தன்னுடைய சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும் வாசல். ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குக் கொடுப்பது 25-இல் மட்டுமே.

சரி, திருப்பூர்காரருக்கு 25-ஐத் திறந்து கொடுத்தோம். மெயில் ஜிமெயில் வரை போனது. அங்கிருந்து உடனே `550-5.7.25` என்று திரும்பியது. இது அடுத்த பாக்கி: ரிவர்ஸ் டிஎன்எஸ். ஒரு ஐபி முகவரியைச் சொன்னால் அதன் பெயரைத் திருப்பிச் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டு இல்லை என்பதே அதன் பொருள்.

அவர் அந்த ரெக்கார்டைப் போட்டுத்தான் இருந்தார், ஆனால் டொமைன் வாங்கிய இடத்தின் பேனலில். அங்கே போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். 203.0.113.25 என்ற முகவரிக்கான பதிலை உலகம் `25.113.0.203.in-addr.arpa` என்ற பெயரில் தேடும். அந்தப் பகுதி டொமைன் வைத்திருப்பவரிடம் இல்லை, ஐபி தொகுதியை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அதனால் அதை நாங்கள்தான் போட்டுத்தர முடியும்.

போட்ட பிறகு இரண்டு திசையிலும் பாருங்கள்:

```
dig +short -x 203.0.113.25
dig +short A mail.example.com
```

முதலாவது `mail.example.com.` என்றும், இரண்டாவது 203.0.113.25 என்றும் சொல்ல வேண்டும். ஒன்று சரியாக இருந்து மற்றது தவறினாலும் ஜிமெயில் அதே 550-ஐத்தான் தரும். போஸ்ட்ஃபிக்ஸின் `myhostname`-உம் இதே பெயராக இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் சில மெயில் போய், சில மெயில் திரும்பினால் ஐபிவி6-ஐச் சந்தேகியுங்கள். சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அதன் வழியாகவும் அனுப்பும். அதற்குத் தனியாக ஒரு பிடிஆர் வேண்டும். ஐபிவி6 தேவையில்லை என்றால் `inet_protocols = ipv4` என்று வைத்து, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். வெறும் ரீலோட் இதற்குப் போதாது.

எங்களுக்கு எழுதும்போது சர்வரின் ஐபி, வைக்க வேண்டிய பெயர், என்ன மாதிரியான மெயில், ஒரு நாளைக்குச் சுமார் எத்தனை என்பதைச் சொல்லுங்கள். அந்தப் பெயருக்கான ஏ ரெக்கார்டை முதலில் நீங்கள் போட்டுவிட வேண்டும், அது இல்லாமல் நாங்கள் பிடிஆர் வைப்பதில்லை. விளம்பர மெயில் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு 25-ஐத் திறப்பதில்லை. அவர்கள் ஒரு ரிலே சேவையில் கணக்கு எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸின் `relayhost` வழியாக 587-இல் அனுப்பலாம். அப்போது பெறுபவர் பார்ப்பது ரிலேயின் ஐபியைத்தான். அதனால் உங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் அந்தச் சேவையைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பிரிவு