மகா மண்டப மேல்தளத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பர்களுக்கு வணக்கம். மண்டபத்தின் மேல்தள வேலை முடிந்துவிட்டது. அதை யாரிடம், எந்த அடிப்படையில் ஒப்படைத்தோம் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். அதை இங்கே விளக்குகிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனியே வரும்.

“தளம் ஒழுகுகிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் கேட்டால் வருகிற விலைப்புள்ளிகளை ஒப்பிடவே முடியாது. ஒருவர் சிமெண்ட் பூச்சுக்கு விலை சொல்வார், இன்னொருவர் பழைய தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதற்குச் சொல்வார். அதனால் வேலையின் அளவை நாமே கணக்கிட்டு, ஐந்து ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம்.

தளம் 60 அடி நீளம், 40 அடி அகலம். நடுவிலிருந்து இருபுறமும் தண்ணீர் ஓட, 5 அடிக்கு 1 அங்குல வாட்டம் கேட்டோம். 20 அடிக்கு 4 அங்குலம் ஆகிறது. ஓரத்தில் 3 அங்குலம், நடுவில் 7 அங்குலம், சராசரி 5 அங்குலம். ஆக, செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை 1,000 கன அடி, அதாவது 10 யூனிட். வாட்டத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், எங்கும் 3 அங்குலம் என்று 6 யூனிட்டுக்கு விலை போட்டவர்தான் மலிவாகத் தெரிந்திருப்பார். தண்ணீரோ நடுவிலேயே தேங்கியிருக்கும்.

பழைய தளத்தைப் பெயர்ப்பது, கற்பலகை இடுக்குகளில் இறங்கிய ஆலஞ்செடி வேரை எடுப்பது, இடுக்கைச் சுண்ணாம்பால் அடைப்பது, தட்டோடு பதிப்பது, இடிபாட்டை வெளியேற்றுவது எல்லாவற்றையும் தனித்தனி வரியாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேட்டோம். இடிபாடு அகற்றும் வரி மிக அவசியம். அது இல்லாவிட்டால் வேலை நடுவில் “இது எங்கள் கணக்கில் இல்லை” என்ற பேச்சு வரும். பெயர்த்ததை மேலேயே குவித்தால் கற்பலகை பாரம் தாங்காது என்பதால், அன்றன்றே இறக்க வேண்டும் என்றும் எழுதினோம்.

தேர்வு முறையையும் கடிதத்திலேயே சொல்லிவிட்டோம். ஒரு மழைக்காலம் கண்ட சுண்ணாம்புத் தளம் ஒன்றையாவது அவர்கள் நேரில் காட்ட வேண்டும். அதில் தேறியவர்களில் குறைந்த விலைக்கே வேலை. தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. முதலில் விலையைப் பார்த்துவிட்டால், தகுதியை நடுநிலையோடு பார்க்க மனம் வராது.

உறைகள் வந்துசேரக் கெடு மாசிக் கடைசி நாள் மாலை 5 மணி. சுண்ணாம்பை நீற்றி வைத்து, கலவையைக் கட்டையால் அடித்து இறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் அது காய வேண்டும் என்பதால் அதற்குமேல் தள்ள இடமில்லை. தளத்தைப் பார்க்க அனைவருக்கும் ஒரே நாள் கொடுத்தோம். ஒருவர் கேட்ட சந்தேகத்துக்கான பதிலை ஐவருக்குமே எழுத்தில் அனுப்பினோம். நான்கு உறைகள் நேரத்துக்கு வந்தன. ஐந்தாவது மறுநாள் காலை வந்தது, பிரிக்காமலே திருப்பினோம்.

நால்வரில் இருவர் தகுதியில் தேறினர். குறைந்த விலை சொன்னவர் வேலையை முடித்தார். தட்டோடு பதிக்கும் முன் தூம்புகளை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம், கசிவில்லை. தொகையில் 10 சதவீதம் பிடித்தம் வைத்திருக்கிறோம். ஒரு மழைக்காலம் முடிந்து, உள்கூரையில் ஈரத் தடம் இல்லை என்று உறுதியான பிறகே அது விடுவிக்கப்படும்.