3 எப்படி உள்ள வந்துச்சு

கண்ணு,

நீ போட்டோ எடுத்து அனுப்பின ரெண்டு கணக்கையும் பாத்தேன். முதல் கணக்குக்கு எனக்கு 2, 3 ரெண்டும் வருது, புக்குல 2 மட்டும் போட்டிருக்கான், பிரிண்டிங் தப்பான்னு கேட்டிருந்தே. புக்கு சரிதான்மா. உன் பெருக்கல்லயும் தப்பு இல்ல. ஃபோன்ல சொன்னா எந்த வரிய பத்தி பேசுறோம்னே குழம்பிடும், அதான் எழுதுறேன்.

கணக்கு இது:

1/(x − 3) = 5/(x² − 9)

நீ கிராஸ் மல்டிப்ளை பண்ணி x² − 9 = 5(x − 3)னு எழுதி, எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டுவந்து x² − 5x + 6 = 0 ஆக்கி, (x − 2)(x − 3) = 0னு பிரிச்சிருக்கே. இப்ப 3ஐ எடுத்துட்டுப் போய் முதல் வரியில போடு. இடப்பக்கம் 1/0, வலப்பக்கம் 5/0, ரெண்டுக்கும் மதிப்பே கிடையாது, அப்புறம் எங்க சமமாகுறது. 2ஐ போட்டா ரெண்டு பக்கமும் −1, அது நல்ல விடை.

3 எங்கிருந்து வந்துச்சுன்னா, குறுக்க பெருக்குறோம்னு நாம சொல்றது உண்மையில ரெண்டு பக்கத்தையும் (x − 3)(x² − 9)ங்கிற ஒரே எண்ணால பெருக்குறதுதான். இடப்பக்கம் x − 3 அடிபட்டுப் போகும், வலப்பக்கம் x² − 9 அடிபட்டுப் போகும், மிச்சம் இருக்குறது குறுக்க பெருக்கின மாதிரி தெரியும். ஆனா x = 3ன்னா நாம பெருக்குற அந்த எண்ணே பூஜ்யம். பூஜ்யத்தால பெருக்கினா 7 = 12 கூட 0 = 0 ஆயிடும் இல்லையா, அந்த ஓட்டை வழியாத்தான் 3 உள்ள வந்துச்சு. இதுல உண்மையான விடை எதுவும் தொலையாது, வேண்டாதது சேரும், அவ்வளவுதான்.

அதனால கணக்கை தொடங்குறதுக்கு முன்னாடியே ஓரத்துல x ≠ 3, x ≠ −3னு எழுதி வச்சிடு. கடைசியில செக் பண்றப்ப முதல் வரியிலதான் போட்டுப் பாக்கணும். நீ ரெண்டாவது வரியில போட்டுப் பாத்திருக்கே போல, அங்க 3ஐ போட்டா 0 = 0, சரியா இருக்குற மாதிரியேதான் காட்டும்.

இன்னொண்ணு கவனிச்சியா, −3உம் பகுதியை பூஜ்யமாக்குது, ஆனா அது உன் விடையில வரவே இல்ல. ஏன்னா a/b = c/dல ad = bcன்னு எழுதினதும், ஏதோ ஒரு xக்கு b பூஜ்யமானா வலப்பக்கம் பூஜ்யம், அப்ப இடப்பக்கம் adயும் பூஜ்யமா இருந்தாதான் அந்த x விடையா நுழைய முடியும். அதுக்கு d பூஜ்யமாகணும், இல்லன்னா a பூஜ்யமாகணும், அதாவது பின்னத்தை முன்னாடியே சுருக்காம விட்டிருக்கணும். x² − 9 = (x − 3)(x + 3), இதுல x − 3 ரெண்டு பகுதியிலயும் இருக்கு, x + 3 ஒண்ணுலதான் இருக்கு. ரெண்டு பின்னமும் சுருக்கியாச்சு, ரெண்டு பகுதிக்கும் பொதுக் காரணி இல்லன்னா, குறுக்க பெருக்கினா போலி விடை வரவே வராது. இதை யாரும் கிளாஸ்ல சொல்றதில்ல, எல்லாத்தையும் செக் பண்ணுன்னு மட்டும் சொல்லி முடிச்சிடுவாங்க.

பொதுக் காரணி இருக்குன்னு தெரிஞ்சா நான் குறுக்க பெருக்கவே மாட்டேன். மீ.பொ.ம. (x − 3)(x + 3)ஆல மட்டும் பெருக்கினா x + 3 = 5, ஒரே வரியில x = 2, இந்தக் கணக்குல 3 தலையே காட்டாது.

ரெண்டாவது கணக்குல நடந்தது வேற:

2/x + 1 = 6/(x + 1)

இங்க நீ 2(x + 1) + 1 = 6xன்னு போட்டு 3/4 வாங்கியிருக்கே. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பின்னம்னு இருந்தாதான் குறுக்க பெருக்கலாம், இங்க இடப்பக்கம் + 1 தனியா நிக்குது, அதை பெருக்காமலே விட்டுட்டே. முதல்ல இடப்பக்கத்தை (x + 2)/xன்னு ஒரே பின்னமாக்கு. அப்புறம் (x + 2)(x + 1) = 6x, அதாவது x² − 3x + 2 = 0, x = 1 இல்லன்னா 2. 1 போட்டா ரெண்டு பக்கமும் 3, 2 போட்டா ரெண்டு பக்கமும் 2. இங்க ஆகாதது 0, −1 மட்டும்தான், பகுதிகளுக்கு பொதுக் காரணியும் இல்ல, அதனால ரெண்டையுமே தைரியமா எழுதிடு.

அப்பா