வெளியீட்டு இரவில் முடிவெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளியீட்டுக்கு ஒப்புதல் தரும் மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மென்பொருள் டெஸ்டர். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதத்தில் ஒரு இரவு நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை 6 மணிக்கு எங்கள் பணம் செலுத்தும் செயலி வெளியாக இருந்தது. டெஸ்ட் லீட் மாலையிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார். தானியங்கி டெஸ்டுகள் எல்லாம் பச்சை. எனக்கு மிச்சம் இருந்த ஒரே வேலை, பழைய லாக்குகளை ஒழுங்குபடுத்தி வைப்பது.

அந்த லாக்குகளில் ஒரு வரி கண்ணில் பட்டது. வாடிக்கையாளரின் பணத்தை எடுத்துத் தரும் கேட்வேயின் சோதனைச் சூழலில் இருந்து ஒரே ஒரு பதில் மட்டும் 31 விநாடி கழித்து வந்திருந்தது. எங்கள் செயலி காத்திருப்பது 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் தானாகவே ஒருமுறை மறுபடி முயலும். சரி, அந்த 31-வது விநாடியில் வந்த பதில் என்ன ஆயிற்று?

டைம்-அவுட்டுக்கு எங்களிடம் டெஸ்ட் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் போலி கேட்வே பதிலே தராது, பணமும் எடுக்காது. பதில் வராமல் போவது வேறு, பணத்தை எடுத்துக்கொண்டு பதிலைத் தாமதமாகத் தருவது வேறு. இரண்டாவதை நாங்கள் யாருமே சோதித்திருக்கவில்லை. மற்ற டெஸ்டுகளிலெல்லாம் போலி கேட்வே கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிடும்.

இரவு 11 மணிக்குப் போலி கேட்வேயை மாற்றினேன். முதல் கோரிக்கைக்கு மட்டும் 40 விநாடி தாமதம், அடுத்ததற்கு உடனே பதில். ஒரு ஆர்டர் போட்டேன். 31-வது விநாடியில் திரையில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று வந்தது. தரவுத்தளத்தைப் பார்த்தேன், வெற்றி என்று ஒரே ஒரு வரி. தவறு ஏதும் இல்லை என்று எழுந்துவிடப் பார்த்தேன். அப்புறம்தான் தோன்றியது, முதல் கோரிக்கையின் பதில் இன்னும் வந்தே சேரவில்லையே. ஒரு நிமிடம் காத்திருந்து இதை ஓட்டினேன்:

```sql
SELECT order_id, COUNT(*)
FROM payments
WHERE status = 'SUCCESS'
GROUP BY order_id
HAVING COUNT(*) > 1;
```

என் ஆர்டர் எண் வந்தது, பக்கத்தில் 2. ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. ஆர்டர் எண் ஒன்றுதான், ஆனால் கோரிக்கை எண்கள் வேறு வேறு. கேட்வே ஒரு கோரிக்கையை மறுமுயற்சி என்று அடையாளம் காண்பது அந்தக் கோரிக்கை எண்ணை வைத்துத்தான். எங்கள் குறியீடு ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண்ணை உருவாக்கியது:

```python
for attempt in range(2):
    key = str(uuid.uuid4())
    if charge(order, key): break
```

அந்த நடுவரி `for`-க்கு மேலே இருந்திருக்க வேண்டும். கீழே இருந்ததால் இரண்டும் கேட்வேக்குத் தனித்தனிப் பணப் பரிமாற்றங்கள்.

மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதேதான். 11.40-க்கு டிக்கெட் போட்டுவிட்டு வெளியீட்டுக் குழுவின் சாட்டில் எழுதினேன். அந்த இரவில் அந்தச் சாட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சர்வர் தயார், பேனர் தயார், வாழ்த்துகள் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் செய்தி மேலே போய் மறைந்தது. ஐம்பது நிமிடம் யாரும் பதில் சொல்லவில்லை.

பின்னாளில் நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைப் படித்தபோது அந்த ஐம்பது நிமிடம்தான் நினைவுக்கு வந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் போனதால், சுமார் 45 நிமிடங்களில் அவர்கள் 40 கோடி டாலருக்கும் மேல் இழந்தார்கள். சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினி, ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நள்ளிரவு தாண்டியதும் லீடை அழைத்தேன், எடுக்கவில்லை. பழைய மின்னஞ்சல் ஒன்றின் அடியில் தயாரிப்புத் தலைவரின் கைபேசி எண் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாத அனுபவம் உள்ள ஒருத்தி, அந்த நேரத்தில், லீடைத் தாண்டிப் போய் அவரை எழுப்புவதா? கை நடுங்கத்தான் அழைத்தேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் இணைப்பில் வந்தார்கள். முதல் கேள்வி, "இது எத்தனை பேருக்கு நடக்கும்?" என்னால் சொல்ல முடியவில்லை. கேட்வே எவ்வளவு அடிக்கடி தாமதிக்கும் என்று எங்களில் யாருக்குமே தெரியாது. "லட்சத்தில் ஒன்று இருக்குமா? அப்படியானால் வெளியிட்டுவிட்டு நாளைக்குச் சரிசெய்யலாமே" என்றார் ஒருவர். இன்னொருவர் மறுமுயற்சியை அமைப்பிலேயே அணைத்துவிடலாம் என்றார். அதையும் உடனே சோதித்தேன். 30-வது விநாடியில் 'தோல்வி' என்று திரையில் வருகிறது, பயனர் மறுபடி பொத்தானை அழுத்துகிறார், மறுபடியும் இரண்டு முறை பணம் போகிறது. முன்பு செயலி செய்ததை இப்போது மனிதர் செய்கிறார், அவ்வளவுதான்.

அப்போது தயாரிப்புத் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "இரண்டு முறை போனதை நம் கணினியே கண்டுபிடிக்குமா?"

கணக்குச் சரிபார்ப்பை எழுதிய டெவலப்பர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்டுபிடிக்காது" என்றார். தினமும் இரவில் எங்கள் பதிவுகளையும் கேட்வேயின் பதிவுகளையும் வரிசைக்கு வரிசை ஒப்பிடுவார்கள். இங்கே இரண்டு பக்கமும் இரண்டு வரிகள் இருக்கும், கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். பணம் போனவர் தானே கவனித்துப் புகார் சொன்னால்தான் தெரியும். கவனிக்காதவரின் பணம் போனது போனதுதான்.

வெளியீடு ஒன்றரை நாள் தள்ளிப்போனது. கோரிக்கை எண்ணை ஆர்டர் உருவாகும்போதே உருவாக்கிச் சேமித்தார்கள். செயலி முயன்றாலும் பயனர் அழுத்தினாலும் அதே எண்தான் போகும். முதல் முயற்சியின் நிலை தெரியும்வரை பொத்தானையும் செயலிழக்க வைத்தார்கள். தாமதமாக வரும் பதிலுக்கான டெஸ்டை நான் எழுதினேன்.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். கடைசி நேரத்தில் ஒரு பக் வந்தால், எத்தனை பேருக்கு என்று தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த டெஸ்டரிடமும் அதற்கு நேர்மையான விடை இருக்காது. ஊகம்தான் வரும், அதுவும் சோர்ந்துபோனவர்களின் ஊகம். வெளியான பிறகு நடந்தால் நமக்குத் தெரியவருமா, நடந்ததைத் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். இதற்கு அந்த இரவிலேயே குறியீட்டைப் பார்த்து விடை சொல்லலாம். எழுத்துப் பிழையோ இடம் மாறிய பொத்தானோ இந்தக் கேள்வியில் தேறிவிடும், வெளியிடுங்கள். எங்கள் பக் தேறியிருக்காது.

இரண்டாவது, அந்தக் கைபேசி எண். அதை எனக்கு யாரும் தரவில்லை, தற்செயலாகக் கிடைத்தது. உங்கள் அடுத்த வெளியீட்டுத் திட்டத்தாளில் சர்வர் பட்டியலுக்கும் நேர அட்டவணைக்கும் மேலே, முதல் வரியில், வெளியீட்டை நிறுத்த அதிகாரம் உள்ளவரின் எண்ணை எழுதுங்கள். பக்கத்திலேயே 'எந்த நேரமும், யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்' என்றும் எழுதுங்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் அந்தத் தாளை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர்