நேர்காணலில் எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

உதவித்தொகைக்கு மாணவர்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். போன வருடம் உங்களோடு நேர்காணலில் உட்கார்ந்தேன். அன்று ஒரு பிள்ளைக்கு நாம் செய்தது இன்னும் உறுத்துகிறது.

ஆலங்குளம் பக்கத்துப் பெண். விண்ணப்பக் கட்டுரையில் அம்மா பீடி சுற்றுவதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கட்டுரையில் ஒரு பிழை இல்லை. நேரில் ஆங்கிலத்தில் கேட்டபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "இவள் எழுதியதே இல்லை" என்று முடிவு கட்டி மதிப்பெண்ணைக் குறைத்தோம். நானும்தான்.

வெளியே வராந்தாவில் தமிழில் கேட்டேன். "இலையை நனைச்சு ஈரச் சாக்குல சுத்தி வைப்போம் சார். காஞ்சா வெட்டும்போது ஒடிஞ்சிரும்" என்றாள். கடையில் கொடுக்கும் இலை ஆயிரம் பீடிக்குக் காணாதபோது அம்மா கைக்காசு போட்டு இலை வாங்குவதைச் சொன்னாள். கட்டுரையில் அது இல்லை. ஏன் என்று கேட்டேன். முதலில் எழுதியிருந்தாளாம், ஆங்கிலம் திருத்திக் கொடுத்த டீச்சர் நீளம் கருதி எடுத்துவிட்டாராம். வெட்டிப் போனது என்னவென்று எழுதியவருக்குத்தான் தெரியும்.

அதே நாளில் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை அகற்றியதாக எழுதிய பையன் சரளமாகப் பேசி நல்ல மதிப்பெண் வாங்கினான். அள்ளியதை எங்கே கொட்டினீர்கள், திரும்ப முளைத்ததா என்று நாம் யாரும் கேட்கவில்லை. ஈரத்தோடு அந்தச் செடி என்ன கனம் கனக்கும் என்பது இறங்கி இழுத்தவனுக்குத் தெரியும். அவன் இழுத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது, நாம் கேட்காததால்.

நாம் ஒப்பிட்டது கட்டுரையின் ஆங்கிலத்தையும் வாயின் ஆங்கிலத்தையும். பல நாள் திருத்திய எழுத்தும், பதற்றத்தில் அரை நிமிடத்தில் வரும் பேச்சும் யாருக்கும் ஒன்றாக இருக்காது. ஒத்துப்போக வேண்டியது விஷயம்.

இந்த வருடம் இப்படிச் செய்து பாருங்கள். முந்தின நாளே ஒவ்வொரு கட்டுரையிலும், செய்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய இரண்டு மூன்று இடங்களைக் கோடிட்டு வையுங்கள். பிள்ளைக்கு வசதியான மொழியில், எழுதியதற்கு ஒரு படி கீழே போய்க் கேளுங்கள். யார் திருத்தினார்கள், எது மாறியது என்பதையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி, குற்றம் சாட்டும் குரல் இல்லாமல் கேளுங்கள். திருத்தம் வாங்குவது தப்பில்லை. கட்டுரையின் வாக்கியமே திரும்பத் திரும்ப வந்து, அதற்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் அங்கேயே முடிவு கட்டாதீர்கள். வீட்டில் நடந்த சாவு, அப்பாவின் குடி போன்றவற்றை எழுதிவிட்டு, நேரில் வாய் திறக்க முடியாத பிள்ளைகள் உண்டு. தண்ணீர் கொடுத்து, இருபது நிமிடம் தனியாக உட்கார வைத்து, அதே விஷயத்தை ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லுங்கள். பிழைகளை விட்டுவிட்டு, கட்டுரையில் இருந்த ஆள் அதில் தெரிகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பெண் மறுபடி விண்ணப்பித்தால் அவளைத் தமிழில் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு அன்று உட்கார்ந்திருந்த ஆசிரியர்